டின்னில் 400 கிராம், தட்டில் 240 கிராம்



சென்ற ரமளானில் நமது அறக்கட்டளை செய்த ஒரு தவறிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். நோன்புக்கு முன் தகுதியான குடும்பங்களுக்கு நாம் வழங்கும் மளிகைப் பையில் வழக்கமாக அரை கிலோ காய்ந்த கொண்டைக்கடலை இருக்கும். சென்ற ஆண்டு நல்லுள்ளம் கொண்ட சில சகோதரர்கள் டின்னில் அடைத்த கொண்டைக்கடலையைப் பெட்டி பெட்டியாக நன்கொடையாகத் தந்தார்கள். ஊறப்போட வேண்டாம், குக்கர் விசில் எண்ண வேண்டாம், இஃப்தார் நேரத்தில் பெண்களுக்கு வேலை குறையும் என்று நாங்களும் மகிழ்ந்தோம். ஒரு டின் 400 கிராம். எனவே அரை கிலோ கடலைக்குப் பதிலாக இரண்டு டின் வைத்தோம். 800 கிராம் ஆயிற்றே, 300 கிராம் கூடுதலாகத்தானே கொடுக்கிறோம் என்பது எங்கள் கணக்கு.

பெருநாள் கழிந்து சில நாட்களில் ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார். "பாய், குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. வழக்கமா குடுக்குற கடலை எங்க வீட்டுக்கு நாலஞ்சு வேளைக்கு வரும். இந்தத் தடவை ரெண்டு டின்னையும் உடைச்சு ஒரே வேளையில முடிஞ்சு போச்சு" என்றார். மீதமிருந்த டின் ஒன்றைத் திறந்து வடிகட்டி, தராசில் வைத்துப் பார்த்தோம். 400 கிராம் டின்னுக்குள் கடலை 240 கிராம்தான் இருந்தது. மீதி 160 கிராமும் உப்புத் தண்ணீர்.

டின்காரர் எங்களை ஏமாற்றவில்லை. அந்த 240 என்ற எண் டின்னின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. நாங்கள்தான் அதைப் படிக்கவில்லை.

இரண்டு எடைகள் ஏன்?

தண்ணீரில் அடைத்த டின் எதையும் எடுத்துப் பாருங்கள். 'நெட் வெயிட்' என்று ஓர் எடையும், 'டிரெயின்ட் வெயிட்' என்று இன்னோர் எடையும் இருக்கும். முதலாவது நிகர எடை. டின்னின் தகரத்தை மட்டும் கழித்துவிட்டு, உள்ளே இருக்கும் கடலையையும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்த எடை. இரண்டாவது வடித்த எடை. தண்ணீரை வடித்துவிட்டபின் மிஞ்சும் கடலையின் எடை. தண்ணீர், உப்புத் தண்ணீர், சர்க்கரைப் பாகு, வினிகர் போன்றவற்றில் அடைத்த உணவுக்கு இரண்டு எடைகளையும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதி. பல நாடுகளிலும் இதே விதிதான்.

தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். டின்னை மூடியபின் அதை அதிக வெப்பத்தில் வைத்துக் கிருமிகளை அழிக்கிறார்கள். உள்ளே தண்ணீர் இருந்தால்தான் அந்தச் சூடு ஒவ்வொரு கடலைக்கும் சீராகப் போய்ச் சேரும். ஆகவே தண்ணீர் அங்கே இருப்பது எடையைக் கூட்டுவதற்காக அல்ல. ஆனால் அதன் அளவு டின்னுக்கு டின் மாறும். கொண்டைக்கடலை, ராஜ்மா டின்களில் 400 கிராமுக்கு 240 கிராமை ஒட்டி இருப்பது வழக்கம். காளான் டின்களில் 800 கிராமுக்கு 440 கிராம்தான் காளான் என்று அச்சிட்டவையும் உண்டு.

ஒரு விதிவிலக்கு. தக்காளிச் சாற்றுக் குழம்பில் ஊறிய 'பேக்டு பீன்ஸ்' டின்னில் வடித்த எடை பெரும்பாலும் இருக்காது. அதில் குழம்பும் உண்ணும் பொருளே. அங்கே நிகர எடையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் திரவத்தை நாம் சாப்பிடப் போகிறோமா, கொட்டப் போகிறோமா?

எங்கள் கணக்கு எங்கே தவறியது

புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து இன்றைய இளைஞர்கள் 'மேக்ரோ' என்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் இதை ஃபோனில் கணக்கு வைக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் மருத்துவர் சொல்லிக் கணக்கு வைக்கிறார்கள். நம் மளிகைப் பையையும் இதே கணக்கில் பார்ப்போம்.

வடித்த டின் கடலை 100 கிராமில் புரதம் சுமார் 7 கிராம். ஒரு டின்னில் 240 கிராம் கடலை. 240-ஐ 7-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 16.8, அதாவது ஏறத்தாழ 17 கிராம் புரதம். இரண்டு டின்னுக்கு 34 கிராம்.

காய்ந்த கடலை 100 கிராமில் புரதம் சுமார் 20 கிராம். அரை கிலோவில் 100 கிராம். அரை கிலோ கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 1,100 முதல் 1,200 கிராம் வரை வரும். தண்ணீரை உறிஞ்சி எடை இரட்டிப்புக்கும் மேல் ஆகிறது. புரதம் அதே 100 கிராம்தான்.

ஆக, 100 கிராம் புரதத்தை எடுத்துவிட்டு 34 கிராமை வைத்திருக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு. பையிலிருந்த கடலைக்குப் புரதத்தில் ஈடு செய்ய வேண்டுமானால் ஆறு டின் வைத்திருக்க வேண்டும். இறைச்சி வாங்க வசதியில்லாத வீட்டில் நோன்புக் காலப் புரதத்துக்குக் கடலையும் பருப்பும்தான் துணை. அந்தச் சகோதரி வந்து சொல்லியிராவிட்டால், கூடுதலாகக் கொடுத்தோம் என்ற நிம்மதியிலேயே நாங்கள் இருந்திருப்போம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

'100 கிராமுக்கு' என்றால் எந்த 100 கிராம்?

டின்னின் பின்புறம் சத்துப் பட்டியல் இருக்கும். 100 கிராமுக்கு இவ்வளவு புரதம், இவ்வளவு மாவுச்சத்து என்று போட்டிருப்பார்கள். இங்கேதான் இரண்டாவது சறுக்கல். அந்த 100 கிராம் வடித்த கடலையா, தண்ணீரோடு சேர்ந்ததா? நல்ல லேபிளில் 'வடித்தபின்' என்று குறிப்பு இருக்கும். குறிப்பு இல்லாவிட்டாலும், எண்ணைப் பார்த்தே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

கொண்டைக்கடலை டின்னில் புரதம் 7 கிராமை ஒட்டி இருந்தால் அது வடித்த கடலைக்கான எண். அதை வடித்த எடையோடு பெருக்க வேண்டும். புரதம் 5 கிராமை ஒட்டி இருந்தால் தண்ணீரும் சேர்ந்த எண். அதை நிகர எடையோடு பெருக்க வேண்டும். 20 கிராமை ஒட்டி இருந்தால் அது காய்ந்த கடலையின் எண். டின்னுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஃபோன் செயலிகளில் 'கொண்டைக்கடலை' என்று தேடும்போது இந்த மூன்று வகை எண்களும் கலந்து வரும். பிள்ளைகள் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிடுகிறார்கள்.

தவறாகச் சேர்த்தால் என்ன ஆகும்? வடித்த கடலையின் 7 கிராமை நிகர எடையான 400-ஆல் பெருக்கினால் 28 கிராம் புரதம் என்று வரும். உண்மையில் வயிற்றுக்குள் போனது 17. தசை வளர்க்கிறேன் என்று கணக்கு எழுதும் பிள்ளைக்கு ஒரு டின்னிலேயே 11 கிராம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

வடித்த தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. அது கொழகொழப்பாக இருப்பதே கடலையிலிருந்து கரைந்த மாவும் கொஞ்சம் புரதமும் அதில் இருப்பதால்தான். ஆனால் ஒரு டின் தண்ணீருக்கு இரண்டு, மூன்று கிராம் புரதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதோடு உப்பும் அதில்தான் இருக்கிறது. வடித்தாலே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு குறையும். குழாய்த் தண்ணீரில் அலசினால் இன்னும் சற்றுக் குறையும். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு வடித்து அலசிக் கொடுப்பதே நல்லது.

ஒரு பிள்ளையின் சுண்டல்

மேக்ரோ கணக்கு உடற்பயிற்சி செய்பவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக, நம் மஹல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். குடும்பத்தாரின் அனுமதியோடுதான் எழுதுகிறோம்.

அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே வந்த சர்க்கரை நோய். ஒவ்வொரு வேளையும் உண்ணும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப இன்சுலின் போட வேண்டும். மருத்துவர் கொடுத்த அளவு, 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். ஒரு மாலை, தாயார் பாதி டின் கடலையில் சுண்டல் செய்து கொடுத்தார். 400-இல் பாதி 200 கிராம். லேபிளில் 100 கிராமுக்கு 22 கிராம் மாவுச்சத்து. ஆக 44 கிராம் என்று எழுதி, மூன்று யூனிட் போட்டார்.

ஆனால் பிள்ளை சாப்பிட்டது வடித்த கடலை 120 கிராம். மாவுச்சத்து 26 கிராம். தேவைப்பட்டது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. சிறிது நேரம் கழித்துப் பிள்ளைக்கு வியர்த்தது, கை நடுங்கியது. சோதித்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. தாயார் பதறாமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்தார், அல்ஹம்துலில்லாஹ். கணக்குப் போடத் தெரியாத தாய் அல்ல அவர். பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே செய்திருந்தார். எடுத்துக்கொண்ட எடைதான் தண்ணீரின் எடையையும் சேர்த்தது. இப்போது அவர் டின் எடையைப் பார்ப்பதே இல்லை. வடித்த கடலையைக் கிண்ணத்தில் போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்.

இதே போன்று கணக்கிடும் வீடுகள் வேறு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பியப் பொருட்களின் லேபிளில் மாவுச்சத்து எண்ணில் நார்ச்சத்து சேராது. அமெரிக்கப் பொருட்களில் சேரும். வெளிநாட்டிலிருந்து வரும் டின்களில் இந்த வேறுபாடு இருக்கும். எந்த எண்ணைக் கொண்டு இன்சுலின் கணக்கிடுவது என்பதை உங்கள் மருத்துவரிடம் லேபிளையே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையைப் பார்த்து அளவை மாற்ற வேண்டாம்.

உறைந்த பட்டாணி, தோலோடு பட்டாணி

உறைய வைத்த காய்களில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. ஃபிரோசன் பட்டாணிப் பொட்டலத்தில் வடித்த எடை என்று தனியாக இருக்காது, ஏனெனில் வடிப்பதற்கு உள்ளே தண்ணீர் ஊற்றவில்லை. 500 கிராம் என்றால் 500 கிராம் பட்டாணி. பறித்த பட்டாணியைக் கொதிநீரிலோ நீராவியிலோ சில நிமிடம் காட்டி, உடனே உறைய வைக்கிறார்கள். அதனால் சத்துக் கணக்கும் பச்சைப் பட்டாணிக்கு மிக நெருக்கமாக இருக்கும். இரண்டிலும் 100 கிராமுக்குப் புரதம் 5 கிராமை ஒட்டித்தான். டின் பட்டாணியில், வடித்தபின், சற்றுக் குறைந்து நாலரை கிராம் அளவில் இருக்கும்.

பொட்டலத்தைக் கையில் எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். மணிகள் தனித்தனியே உருள வேண்டும். கட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே பனிக்கட்டி தெரிந்தால் வழியில் எங்கோ உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பனி பெரும்பாலும் பட்டாணிக்குள் இருந்து வெளியேறிய நீர். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். மின்வெட்டு அதிகமுள்ள கடையில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

தோலோடு வாங்கும் பட்டாணியில் தண்ணீருக்குப் பதில் தோல். ஒரு கிலோ வாங்கி உரித்தால் கிடைப்பது பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான். ஆகவே சந்தையில் ஒரு கிலோ தோல் பட்டாணியின் விலையையும் அரை கிலோ ஃபிரோசன் பட்டாணியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயமான ஒப்பீடு. டின்னை வாங்கும்போதும் விலையை வடித்த எடையால் வகுத்துப் பாருங்கள். 400-ஆல் வகுத்தால் மலிவாகத் தெரிவது, 240-ஆல் வகுத்தால் அப்படித் தெரியாது.

பெயரிலும் ஒரு கவனம் தேவை. நம் ஊரில் 'பீன்ஸ்' என்றால் பொரியலுக்கு நறுக்கும் பச்சைக் காய். அதில் 100 கிராமுக்குப் புரதம் 2 கிராம்கூட இராது. லேபிளிலும் செயலியிலும் வரும் 'பீன்ஸ்' பெரும்பாலும் ராஜ்மா போன்ற விதை வகை. டபுள் பீன்ஸ், மொச்சை இரண்டும் நம் சந்தையில் பச்சையாகவும் கிடைக்கும், காய்ந்தும் கிடைக்கும். காய்ந்ததன் எண்ணைப் பச்சைக்குப் போட்டால் கணக்கு பல மடங்கு தவறும். எந்த நிலையில் தராசில் வைத்தோமோ, அந்த நிலைக்குரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். காய்ந்ததை நிறுத்தால் காய்ந்ததன் எண். வெந்ததை நிறுத்தால் வெந்ததன் எண். வடித்ததை நிறுத்தால் வடித்ததன் எண்.

வீட்டில் சோதிக்கும் முறை

டின்னில் போட்டிருக்கும் வடித்த எடை சரியா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு வடிதட்டும், சமையலறைத் தராசும் போதும். வெறும் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். டின்னைத் திறந்து வடிதட்டில் கொட்டி, தட்டைச் சற்றுச் சாய்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். ஆய்வுக்கூடங்களிலும் சல்லடையைச் சாய்த்து இரண்டு நிமிடம்தான் வடிய விடுகிறார்கள். கரண்டியால் அழுத்த வேண்டாம், அலசவும் வேண்டாம். பிறகு கிண்ணத்தில் போட்டு நிறுத்துப் பாருங்கள். ஐந்து, பத்து கிராம் முன்பின் இருப்பது இயல்பு, ஏனெனில் வீட்டுத் தராசும் வடிதட்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே தயாரிப்பில் இரண்டு மூன்று டின்களிலும் நன்றாகக் குறைந்தால், டின்னையும் ரசீதையும் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் எடை அளவைத் துறை அலுவலகத்தில் புகார் தரலாம்.

அளவையில் குறை செய்பவர்களின் பெயராலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது, 83-ஆவது அத்தியாயமான அல் முதஃப்பிஃபீன். விற்பவர் குறைக்கக் கூடாது என்பதை நாம் அடிக்கடிப் பேசுகிறோம். கொடுப்பவரும் தான் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதை இந்த டின் எங்களுக்குக் கற்றுத் தந்தது.

இவ்வாண்டு மளிகைப் பையில் மீண்டும் அரை கிலோ காய்ந்த கொண்டைக்கடலையே இருக்கும், இன்ஷா அல்லாஹ். டின்கள் நன்கொடையாக வந்தால், தனியாக வசிக்கும் முதியவர்களுக்கும், நோயுற்று அடுப்படியில் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கும் அவற்றைக் கூடுதலாக வழங்குவோம். கடலைக்குப் பதிலாக அல்ல. பையில் வைக்கும் பட்டியலில் டின் பொருட்களுக்கு எதிரே வடித்த எடையை மட்டுமே எழுதுவோம். சென்ற ஆண்டு குறைந்துபோன கடலையை, அந்தப் பைகளைப் பெற்ற குடும்பங்களுக்கு ஷஅபான் மாதத்திலேயே தனியாகக் கொடுத்துவிடத் தீர்மானித்திருக்கிறோம். பெற்றுக்கொள்ள வரும்போது பழைய டோக்கன் தேவையில்லை. பெயர்ப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.

செயலாளர்